வேர்டு கோப்பை .odt ஆக மாற்றி அலுவலகத்தில் கொடுப்பது எப்படி: ஏற்காட்டிலிருந்து மூன்று முறை மலை இறங்கியவனின் வழிகாட்டி

எங்கள் ஊர் ஏற்காட்டை ஒட்டிய சிறு கிராமம். காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகும்தான் பிழைப்பு. பத்துப் பன்னிரண்டு சிறு விவசாயிகள் சேர்ந்து மிளகு உலர்த்தும் களம் ஒன்றுக்கு மானியம் கேட்டு விண்ணப்பித்தோம். திட்ட அறிக்கை பதினான்கு பக்கம். அதைக் கையெழுத்திட்ட அச்சுப் பிரதியாக ஒன்றும், மின்னஞ்சலில் .odt கோப்பாக ஒன்றும் தர வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அறிக்கை சேலத்தில் ஒரு டி.டி.பி. மையத்தில் தட்டச்சாகி, வேர்டு கோப்பாக என் பென்டிரைவில் இருந்தது. 'பெயரை மாற்றிச் சேமித்தால் ஆயிற்று' என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு மூன்று பயணம் விலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வந்தேன்.

.odt என்பது திறந்த ஆவண வடிவம். வேர்டுக்கு .docx எப்படியோ, அப்படி லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளுக்கு .odt. பி.டி.எஃப். ஏன் போதாது என்று நானும் கேட்டேன். பல குழுக்களின் அறிக்கைகளிலிருந்து அட்டவணைகளை வெட்டியெடுத்து ஒரே தொகுப்பாக்குகிறார்களாம். அதற்குத் திருத்தக்கூடிய கோப்புதான் வேண்டும். இது தெரிந்தபிறகுதான், கோப்பு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் தமிழ் அவர்கள் கணினியிலும் தமிழாகவே இருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. நான் முதலில் தோற்றது அந்த இடத்தில்தான். நீங்களும் அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

1. கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கோப்பு .odt ஆக மட்டும் வேண்டுமா, அதோடு கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பும் வேண்டுமா? மின்னஞ்சல் இணைப்பு எத்தனை எம்.பி. வரை போகலாம்? தமிழ்ப் பகுதி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்க வேண்டுமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். வராவிட்டாலும் யூனிகோடிலேயே கொடுங்கள். காரணம் இரண்டாம் படியில் தெரியும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மூல வேர்டு கோப்பு, அதன் ஒரு நகல், அச்சிட்ட ஒரு பிரதி. அச்சுப் பிரதி எதற்கு என்றால், மாற்றியபின் ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். எல்லா வேலையையும் நகலில் செய்யுங்கள்.

செலவைப் பொறுத்தவரை மென்பொருளுக்கு ஒரு காசும் ஆகாது. லிப்ரே ஆபீஸ் இலவசம். `libreoffice.org` என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பதிவிறக்கம் முந்நூறு எம்.பி.க்கு மேல். மழை நாளில் மலை மேல் அது பாதியில் நின்று நின்று வந்தது. அதனால் சேலம் போகும் ஒரு நாளில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். நீங்கள் மலையில் இருந்தால் அதையே செய்யுங்கள்.

2. முதலில் தமிழைச் சோதியுங்கள்: அது யூனிகோடா, பாமினியா?

வடிவத்தை மாற்றும் வேலையே இனிமேல்தான். அதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

வேர்டு கோப்பைத் திறந்து, தமிழ்ப் பத்தி ஒன்றை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே தெரிந்தால் அது யூனிகோடு. நேரே நான்காம் படிக்குப் போகலாம். `jkpo;` என்றோ `Nryk;` என்றோ ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது பாமினி. முதலாவது 'தமிழ்', இரண்டாவது 'சேலம்'.

என்ன நடக்கிறது என்றால், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். `k` என்ற எழுத்தின் மேல் 'ம' என்ற படத்தையும், `g` என்ற எழுத்தின் மேல் 'ப' என்ற படத்தையும் எழுத்துரு போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். நான் முதன்முறை கொடுத்த .odt அலுவலகத்தில் அழகாகத் திறந்தது. அட்டவணைக் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும் `jkpo;` மழை. 'தம்பி, இது எந்த மொழி?' என்று அங்கிருந்த அம்மா கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

டி.டி.பி. மையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்திருந்தால் பழைய எழுத்துருவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழகிய விசைப்பலகையை அவர்கள் எளிதில் விடுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அறிக்கை கொடுக்கும்போதே 'யூனிகோடில் அடியுங்கள் அண்ணா' என்று சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எழுத்துருவின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தின் மேல் சொடுக்கினால் வேர்டின் மேல்பட்டையில் பெயர் தெரியும். `Bamini` என்றோ, `TAM` அல்லது `TAB` என்று தொடங்கியோ, `Vanavil` என்றோ இருக்கலாம். ஒரே கோப்பில் இரண்டு விதம் கலந்தும் இருக்கலாம்: எங்கள் அறிக்கையில் தலைப்புகள் வானவில், உடல்பகுதி பாமினி. பாமினி, வானவில், டேம், டேப் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வேறு வேறு குறியீட்டு முறை இருக்கும். அடுத்த படியில் இந்தப் பெயர் தேவைப்படும்.

3. பழைய எழுத்துருவை யூனிகோடாக்குதல்

இதற்கென்று மாற்றிகள் இருக்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற விண்டோஸ் மென்பொருளைத்தான் நான் பயன்படுத்தினேன். இணையத்திலேயே ஒட்டி மாற்றும் பக்கங்களும் உண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் உள்ள பத்திகளை இணையப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். எங்கள் அறிக்கையின் கடைசி இரு பக்கத்தில் உறுப்பினர்களின் கணக்கு விவரம் இருந்தது. அந்தப் பக்கங்களைக் கணினிக்குள்ளேயே இயங்கும் மென்பொருளில் மட்டும் மாற்றினேன்.

செய்யும் முறை எளிது. மாற்றியில் மூல எழுத்துரு எது என்று தேர்ந்தெடுத்து, பத்தியை ஒட்டி, மாற்றி, வந்ததை மீண்டும் வேர்டில் உரிய இடத்தில் ஒட்ட வேண்டும். மூல எழுத்துருவைத் தவறாகத் தேர்ந்தால் சில எழுத்து சரியாகவும் சில எழுத்து உளறலாகவும் வரும். பாதிக்கு மேல் தமிழாகத் தெரிகிறதே என்று கையால் திருத்த உட்காராதீர்கள். தேர்வைத்தான் மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான் அதில் விழுந்தேன்.

மொத்தக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றியில் போட்டேன். மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று தெரியாது. எல்லாமே அதற்கு ஆங்கில எழுத்துதான். எங்கள் அட்டவணையில் '50 kg' என்று இருந்த இடமெல்லாம் '50 மப' ஆனது. `k` என்றால் ம, `g` என்றால் ப. 'GST' என்ற சொல் 'புளுவு' ஆயிற்று. மின்னஞ்சல் முகவரியும் வங்கியின் குறியீட்டு எண்ணும் உருத்தெரியாமல் போயின. அச்சில் பார்த்தால் சிரிப்பு வரும். விண்ணப்பத்தில் வந்தால் தொகை நிற்கும்.

எனவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். வேர்டில் ஒரு தமிழ்ச் சொல்லில் நின்றுகொண்டு `Home` பகுதியில் `Select`, அதற்குள் `Select All Text With Similar Formatting` என்பதைச் சொடுக்கினால், அதே எழுத்துருவிலும் அதே அளவிலும் அமைப்பிலும் இருப்பதெல்லாம் மொத்தமாகத் தேர்வாகும். எங்கெங்கே தமிழ் இருக்கிறது, எங்கே ஆங்கிலம் நடுவில் புகுந்திருக்கிறது என்று அதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தட்டச்சு செய்தவர் ஆங்கிலச் சொல்லுக்கு வேறு எழுத்துரு கொடுத்திருந்தால் அது தேர்வில் சேராது. அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசையாக எடுத்து ஒட்டினேன். எண்களும் அளவுகளும் உள்ள நெடுவரிசைகளைத் தொடவே இல்லை. மூன்று அட்டவணைக்கு ஒரு மணி நேரம் ஆனது.

மாற்றிய பிறகும் ஓர் எச்சம் இருக்கும். பழைய எழுத்துருவில் புள்ளி வைத்த ரகரமும் புள்ளி வைத்த துணைக்காலும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதனால் தட்டச்சு செய்பவர்கள் கை போன போக்கில் 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியுமாக அடித்துவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடானதும் 'அவா்கள்', 'உறுப்பினா்' என்று அது உள்ளே உட்கார்ந்திருக்கும். சில எழுத்துருக்களில் காலுக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று தோன்றும், சிலவற்றில் சரியாக இருப்பது போலவே காட்டும். ஆனால் அலுவலகத்தில் 'உறுப்பினர்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மாற்றியவுடன் `Ctrl+H` அழுத்தி, 'ா்' என்பதைத் தேடி 'ர்' என்று மாற்றுங்கள். அதேபோல் 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும். எங்கள் பதினான்கு பக்கத்தில் நூற்றுக்கு மேல் இப்படி அகப்பட்டது.

கடைசியாக ஒரு முறை முழுவதையும் வாய்விட்டுப் படிக்க ஒருவரை உட்கார வையுங்கள். என் அக்கா மகள் படித்தாள். நான் அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு 'ஸ்ரீ'யும் இரண்டு 'ஔ'வும் உடைந்திருந்தன.

இவ்வளவும் வேண்டாம், மீண்டும் அடித்துவிடலாம் என்று தோன்றலாம். எனக்குப் பக்கத்துக்கு முப்பது ரூபாய் கேட்டார்கள். பதினான்கு பக்கத்துக்கு நானூற்று இருபது, அதோடு மூன்று நாள் காத்திருப்பு, மீண்டும் பிழை பார்த்தல். ஐந்து பக்கத்துக்குள் என்றால் மறுபடி அடிப்பதே மேல். அதற்கு மேல் போனால் மாற்றிதான் லாபம்.

4. மாற்றுவதற்கு முன் கோப்பை ஒழுங்கு செய்தல்

இதை வேர்டிலேயே செய்துவிடுங்கள். மாறியபின் செய்தால் இரட்டை வேலை.

காகித அளவு `A4` ஆக இருக்கிறதா என்று `Layout` பகுதியில் `Size` பாருங்கள். எங்கள் கோப்பு `Letter` அளவில் இருந்தது. அகலம் ஆறு மில்லிமீட்டர் கூட, உயரம் பதினெட்டு மில்லிமீட்டர் குறைவு. அதனால் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது.

யாராவது திருத்தக் குறிப்பு எழுதியிருந்தால், `Review` பகுதிக்குப் போய் எல்லா மாற்றங்களையும் ஏற்றோ நீக்கியோ, குறிப்புகளை அழித்தோ முடித்துவிடுங்கள். எங்கள் கோப்பில் 'இந்தத் தொகை கொஞ்சம் அதிகம்தான்' என்று குழுவில் ஒருவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு இருந்தது. அது அலுவலகம் வரை போகாமல் தப்பியது தற்செயல். கடவுச்சொல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

தானே மாறும் தேதி இருந்தால் அதை நீக்கி, தேதியைக் கையால் தட்டுங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் திறக்கும் நாளின் தேதி விண்ணப்பத் தேதியாக நிற்கலாம். உரைப்பெட்டிகளையும் அலங்கார எழுத்துத் தலைப்புகளையும் சாதாரணப் பத்தியாக்குங்கள். மாற்றத்தில் முதலில் இடம் பெயர்வது அவைதான். எக்செல் அட்டவணையை உள்ளே பொருத்தியிருந்தால் அதை வேர்டு அட்டவணையாக மாற்றி, கூட்டுத்தொகையை ஒரு முறை கையால் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

5. இப்போது மாற்றுங்கள்

மூன்று வழி சொல்கிறேன். முடிந்தால் முதல் வழியையே பிடியுங்கள்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வேர்டு கோப்பைத் திறந்து, `File`, பிறகு `Save As` போய், கோப்பு வகையில் `ODF Text Document (.odt)` என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். கோப்பின் பெயர் ஆங்கில எழுத்திலும், நடுவில் இடைவெளி இல்லாமலும் இருக்கட்டும். `milagu_kalam.odt` என்பது போல. கவனம்: இதன்பின் வெறுமனே `Ctrl+S` அழுத்திச் சேமிக்கும்போது, எந்த வடிவத்தில் சேமிக்க என்று ஒரு கேள்வி வந்தால், நீங்கள் இன்னும் வேர்டு கோப்பில்தான் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். `Use ODF Format!` என்பதை அழுத்துங்கள். நான் ஒருமுறை பழக்க தோஷத்தில் மற்றதை அழுத்தி, மாலை முழுதும் .docx கோப்பையே திருத்திக்கொண்டிருந்தேன்.

வேர்டிலேயே செய்வதென்றால், `File`, `Save As`, அதில் `OpenDocument Text (*.odt)`. சில அம்சங்கள் இந்த வடிவத்தில் ஒத்துவராமல் போகலாம் என்று எச்சரிக்கை ஒன்று வரும், சம்மதித்துவிடலாம். ஆனால் சேமித்தபின் கோப்பை மூடி, லிப்ரே ஆபீஸில் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். அலுவலகம் அதில்தான் திறக்கும். வேர்டில் சரியாகத் தெரிவது ஒரு சாட்சியும் அல்ல.

கணினியில் இரண்டுமே இல்லை, கூகுள் கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், வேர்டு கோப்பைக் கூகுள் டாக்ஸில் திறந்து `File`, `Download`, `OpenDocument Format (.odt)` என்று எடுக்கலாம். இரண்டு பக்கக் கடிதத்துக்கு அது போதும். அட்டவணை நிறைந்த அறிக்கையில் நெடுவரிசை அகலம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செய்யவே கூடாத ஒன்று இருக்கிறது: கோப்பின் பெயரில் `.docx` என்பதை அழித்து `.odt` என்று எழுதுவது. என் முதல் முயற்சி அதுதான். என் கணினியில் ஏனோ திறந்தது. இன்னொரு கணினியில் 'கோப்பு சேதமடைந்திருக்கிறது' என்றது. பெயரை மாற்றினால் உள்ளிருப்பது மாறாது. உண்மையான .odt தானா என்று அறிய, கோப்பின் நகல் ஒன்றை எடுத்து அதன் பெயரை `.zip` என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே `content.xml`, `styles.xml` ஆகியவற்றோடு `mimetype` என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் இது மட்டும்தான் இருக்க வேண்டும்:

```
application/vnd.oasis.opendocument.text
```

அதற்குப் பதிலாக `word` என்ற உறையும் `[Content_Types].xml` என்ற கோப்பும் தெரிந்தால், அது வேடமிட்ட வேர்டு கோப்பு.

6. மாறியபின் எங்கே பார்க்க வேண்டும்

முதலில் பக்க எண்ணிக்கை. எங்கள் பதினான்கு பக்கம் பதினேழானது. காரணம் எழுத்தின் அளவு. ஒரே பத்தியிலும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் ஓர் அளவும், தமிழுக்கு வேறொரு எழுத்துருவும் வேறோர் அளவும் கோப்பில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்துக்கு 12 என்று வைத்தால் தமிழும் 12 ஆகிவிட்டது என்று நாம் நினைப்போம். தமிழ் மட்டும் 14 என்று உள்ளே நின்றிருக்கும்.

இதைச் சரிசெய்ய லிப்ரே ஆபீஸில் `Tools`, `Options` போய், மொழிப் பகுதியில் `Complex text layout` என்பதை இயக்குங்கள். புதிய பதிப்பில் அந்தப் பகுதி `Languages and Locales` என்றும், பழையதில் `Language Settings` என்றும் இருக்கும். அதன்பின் `Format`, `Character` திறந்தால், மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பகுதியும் தமிழ் போன்ற எழுத்துக்கு ஒரு பகுதியும் தனியே தெரியும். முழு ஆவணத்தையும் தேர்ந்து, தமிழ்ப் பகுதியில் ஒரே எழுத்துருவும் ஒரே அளவும் கொடுங்கள். பிறகு தலைப்புகளை மட்டும் மீண்டும் பெரிதாக்குங்கள். இப்படிச் செய்ததும் பதினேழு மறுபடி பதினான்கானது.

எந்த எழுத்துரு? விண்டோஸில் நிர்மலா இருக்கும், சில கணினிகளில் லதாவும் இருக்கும். லினக்ஸ் கணினியில் அவை இருக்காது. யூனிகோடாக இருப்பதால் அங்கே வேறு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும்; எழுத்து கெடாது, பக்கம் மட்டும் சற்று நகரும். அதையும் தவிர்க்க வேண்டுமானால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் பயன்படுத்தி, `File`, `Properties`, `Font` பகுதியில் `Embed fonts in document` என்பதைக் குறியிடுங்கள். கோப்பு சற்றுக் கனக்கும். முதல் படியில் கேட்ட எம்.பி. வரம்பு இங்கே உதவும்.

அடுத்து அட்டவணை. எங்கள் செலவு அட்டவணையின் கடைசி நெடுவரிசை, அதாவது தொகை இருந்த நெடுவரிசை, பக்க ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. அச்சிட்டால் தொகையே வராது. அட்டவணைக்குள் நின்று `Table`, `Properties` திறந்து, `Alignment` பகுதியில் `Automatic` வைத்தால் அட்டவணை ஓரத்துக்குள் வந்துவிடும். பக்கம் தாண்டும் அட்டவணைக்கு, அதே பெட்டியில் `Text Flow` பகுதியில் தலைப்பு வரிசை திரும்ப வரும்படி `Repeat heading` குறியிடுங்கள்.

கடிதத் தலைப்பின் படமோ நில வரைபடமோ இடம் மாறியிருந்தால், படத்தின் மேல் வலது சொடுக்கி, `Anchor`, `As Character` என்று வையுங்கள். பிறகு அது ஓர் எழுத்து போல வரியோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் ஒன்று, யாரும் பார்ப்பதில்லை. `File`, `Properties` திறந்தால் ஆசிரியர் பெயர் என்று ஒன்று இருக்கும். எங்கள் அறிக்கையில் அது டி.டி.பி. மையத்தின் பெயராக இருந்தது. `Reset Properties` அழுத்தினால் போய்விடும்.

7. கொடுப்பது

அனுப்பும் முன் இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். பாமினி நிறுவப்படாத கணினியாக இருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் மடிக்கணினியில் பார்த்தேன். அங்கே சரியாக இருந்தால் அலுவலகத்திலும் சரியாக இருக்கும்.

.odt கோப்பில் கையெழுத்துப் படத்தை ஒட்டாதீர்கள். அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கோப்பு. உங்கள் கையெழுத்தை அதில் விட்டுவைப்பது நல்லதல்ல. இறுதி .odt கோப்பை அச்சிட்டு, அதில் பேனாவால் கையெழுத்திட்டு, அந்தப் பிரதியையே நேரில் கொடுங்கள். பழைய வேர்டு கோப்பிலிருந்து எடுத்த அச்சைக் கொடுத்தால், பக்க எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எனக்கு இரண்டாம் முறை திரும்பி வந்தது அதனால்தான்.

காலக் கணக்கு: எங்கள் பதினான்கு பக்கத்துக்கு யூனிகோடாக்க மூன்று மணி நேரம், படித்துத் திருத்த இரண்டு, மாற்றி அட்டவணை சரிசெய்ய ஒன்றரை. கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பே தொடங்குங்கள். மின்னஞ்சலை முதல் நாளே அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அச்சுப் பிரதியோடு போய், 'அம்மா, கோப்பு வந்திருக்கிறதா, ஒரு முறை திறந்து பார்க்கிறீர்களா' என்று கேளுங்கள். அவர் திரையில் முதல் பக்கத்தையும், செலவு அட்டவணை உள்ள பக்கத்தையும் பார்த்தபிறகு அச்சுப் பிரதியின் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள். மூன்றாம் முறை நான் அப்படித்தான் செய்தேன்; பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது.